'பேசலாமா?' என்று மட்டும் கேட்காதீர்கள்

போன் செய்வதற்கு முன் "எப்போது பேசலாம்?" என்று கேட்பது வெள்ளைக்காரத்தனமாம். சொந்த பந்தத்துக்குள் எதற்கு அப்பாயின்ட்மென்ட் என்று உறவினர் ஒருவர் எங்கள் குடும்பக் குழுவில் பொரிந்து தள்ளியிருந்தார். பாதிப் பேர் அதற்குக் கைதட்டியிருந்தார்கள். அங்கே பதில் எழுதினால் பொங்கல் வரை சண்டை ஓடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சொல்லாமல் கொள்ளாமல் மணியடிப்பதுதான் நமக்குப் புதிய பழக்கம். வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்துக் கிடந்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. நாட்டின் முதல் எஸ்.டி.டி. இணைப்பே 1960-இல்தான் வந்தது, அதுவும் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே. நம் சிற்றூர்களை அது எட்டிப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆயின. எட்டிப் பார்த்த பிறகும் தெருவுக்கு ஒரு வீட்டில் போன் இருந்தால் பெரிது. விசிட்டிங் கார்டில் எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சடித்திருந்தால் அது பக்கத்து வீட்டுக்காரரின் போன் என்று பொருள். "வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு டீச்சர் வீட்டுக்கு போன் செய்கிறேன், அம்மாவை அங்கே வந்து இருக்கச் சொல்" என்று இன்லேண்ட் லெட்டரில் எழுதித்தான் பேசினோம். செல்போன் வந்த புதிதில் நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கொடுத்தோம். 2003-இல்தான் அது ஒழிந்தது. அதற்குப் பிறகும் மிஸ்டு கால் என்று ஒன்று வைத்திருந்தோமே, அது என்ன? 'எனக்குப் பேச வேண்டும், உனக்குத் தோதான போது கூப்பிடு' என்பதுதானே? நிமிடத்துக்குக் காசு போன வரையில் ஒருவரையொருவர் நேரம் கேட்டுக்கொண்டோம். மாதத்துக்கு ஒரு ரீசார்ஜ், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்றானதும் கேட்பதை விட்டுவிட்டோம்.

இவ்வளவு சொன்னதால் நேரம் கேட்கிற கட்சிக்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று எண்ண வேண்டாம். அவர்களில் பெரும்பாலோர் செய்வது, பகல் பதினொரு மணிக்கு "பேசலாமா?" என்று ஒற்றைச் சொல்லை அனுப்பிவிட்டுக் காணாமல் போவது. பார்த்தவருக்கு வயிற்றைக் கலக்கும். யாருக்கு என்ன ஆயிற்று? பணம் கேட்கப் போகிறாரா? "சொல்லுங்கள்" என்று பதில் போட்டால் நீல டிக் வராது. சாயங்காலம் அவரே அழைத்து, "ஒன்றுமில்லை, சும்மாதான்" என்பார். இதைவிட நேராக மணியடித்திருக்கலாம். அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

நேரம் கேட்கிற செய்தி எப்படி இருக்க வேண்டும் என்று எங்கள் சித்தி மகளிடம் கற்றுக்கொள்ளலாம். ஊரில் பூர்வீக வீட்டை விற்கப் பேச்சு நடக்கிறது. அவளுடைய அண்ணன் டொராண்டோவில் இருக்கிறான். பொது அதிகாரப் பத்திரம் எழுதி அங்கிருக்கும் இந்தியத் தூதரக அலுவலகத்தில் சான்று வாங்கி அனுப்ப வேண்டியவன் அவன். போன ஜூனில் அவள் அனுப்பியது இது:

"அண்ணா, வீடு விற்பதற்கான பவர் பத்திரம் பற்றிப் பேச வேண்டும். அரை மணி நேரம் ஆகும். அவசரம் இல்லை, இந்த வாரத்துக்குள் பேசினால் போதும். சனிக்கிழமை உங்கள் நேரம் காலை 9 மணி (இங்கே மாலை 6.30) சரிவருமா? இல்லையென்றால் ஞாயிறு அதே நேரம். வாட்ஸ்அப்பில் நானே அழைக்கிறேன். உங்கள் பாஸ்போர்ட்டும் நான் அனுப்பிய பட்டா நகலும் கையில் இருக்கட்டும்."

என்ன விஷயம் என்று தெரிந்துவிட்டதால் அவன் பயப்படவில்லை. 'அவசரம் இல்லை' என்று இருந்ததால் அலுவலகத்துக்கு நடுவே எழுந்து ஓடவில்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்ததால் மகனை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். இரண்டு நேரங்கள் கொடுத்ததால் "சனி சரி" என்ற ஒரே பதிலில் வேலை முடிந்தது. "உங்களுக்கு எப்போது வசதி?" என்று கேட்டிருந்தால் யோசிக்கிற பாரம் அவன் தலையில் விழுந்திருக்கும், பதில் வர நான்கு நாள் ஆகியிருக்கும். யார் அழைப்பது என்று எழுதியதும் முக்கியம். இருவரும் மற்றவர் அழைப்பார் என்று போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த கதைகள் நிறைய உண்டு.

எனக்குப் பிடித்தது கடைசி வரிதான். முன்னறிவிப்பில்லாமல் அழைத்திருந்தால் அவன் காரில் இருந்திருப்பான். "பட்டாவில் பெயர் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன்" என்பான். ஒரு வேலைக்கு மூன்று அழைப்பு ஆகியிருக்கும். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் ஒரு மாதிரியும் பட்டாவில் இன்னொரு மாதிரியும் இருந்ததை இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசியதால்தான் கண்டுபிடித்தார்கள்.

வெளிநாட்டுக்காரர்களோடு பேசுகிறவர்களுக்கு ஒரு சங்கதி. ஜூனில் டொராண்டோ நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள். வித்தியாசம் பத்தரை ஆகிவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று பழையபடி முன்னே நகர்த்துவார்கள். லண்டன்காரர்கள் மாற்றுவது அக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும். சிங்கப்பூரிலும் துபாயிலும் இந்த வம்பு கிடையாது. ஆகவே "வழக்கமான நேரம்" என்று எழுதாதீர்கள். அவர் ஊர் நேரம், நம் ஊர் நேரம் இரண்டையும் எழுதுங்கள். அவர் ஊர் நேரத்தை முதலில் எழுதினால் தூங்குகிற நேரமா என்று நமக்கே உறைக்கும்.

இதையெல்லாம் எண்பது வயது அம்மாவிடம் எதிர்பார்க்கிறவன் மடையன். அம்மா எப்போது வேண்டுமானாலும் அழைக்கட்டும். அவரை நாம் அழைப்பதற்கு மட்டும் ஒரு நேரம் இருந்தால் நல்லது. மாலை ஏழு மணி என்றால் தினமும் ஏழு மணி. சாவுச் செய்தி, ஆஸ்பத்திரி, விபத்து இவற்றுக்கும் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. "அழைக்கலாமா? அப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுக் காத்திருந்த ஒருவரையும் எனக்குத் தெரியும். மரியாதைக்கும் ஓர் அளவு உண்டு.

அப்படி அழைத்தால் போன் சைலன்ட்டில் கிடக்குமே என்றால், அதற்கு போனிலேயே வழி இருக்கிறது. சைலன்ட்டில் போடுவதற்குப் பதிலாகத் தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பை வைத்து, அதில் ஒரே எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு வந்தால் மணியடிக்க விடும் வசதியை இயக்கிவைக்கலாம். ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வர வேண்டும், ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள். எங்கள் வீட்டில் இதை ஏற்பாடாகவே வைத்திருக்கிறோம்: ஒரு முறை அழைத்து விட்டுவிட்டால் சாதாரணம், அடுத்தடுத்து இரண்டு முறை அழைத்தால் அவசரம்.

இதைப் புரிந்துகொண்ட முதல் ஆள் எங்கள் சித்தப்பா. நேற்று இரவு இரண்டு முறை அழைத்தார். பதறிக்கொண்டு எடுத்தால், டிவி ரிமோட்டில் எந்தப் பொத்தானை அமுக்கினால் சத்தம் வரும் என்று கேட்கிறார். சத்தம் வந்த பிறகும் வைக்கவில்லை. குழுவில் கைதட்டியவர்களில் தானும் ஒருவர் என்பதை எனக்கு நினைவுபடுத்தினார்.