விளக்கு நெய்யைத் தேங்காய்க்குள் ஊற்றாதீர்கள், சாமி

கார்த்திகை பிறக்க இன்னும் பத்தே நாள். சபரிமலைக்குப் போகிற சாமிகளுக்கான மாலை, வேட்டி, இருமுடி சாமான் எல்லாம் கடைக்கு வந்து இறங்கிவிட்டன. விலையும் இருப்பும் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனால் அதற்கு முன்னால் நெய்யைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

போன வருடம் ஒரு குழுவுக்காகச் சாமான் வாங்க வந்தவர், "பதினெட்டுத் தேங்காய்க்கு நெய் வேணும், விளக்கு நெய்யே கொடுங்க, விலை பாதிதானே" என்றார். பொட்டலத்தைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினேன்: பூஜைக்கு மட்டும், உண்பதற்கல்ல. சாமிக்குத்தானே ஊற்றுகிறோம் என்று கேட்டார். சரி, அபிஷேகம் ஆன நெய்யை என்ன செய்கிறோம்? பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் இருக்கும் வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பிரசாதமாக நாக்கில் வைக்கிறோம். அதை யோசித்த பிறகு அவரே பசு நெய்யை எடுத்துக்கொண்டார். இந்த வருடம் விளக்கு நெய் அலமாரியில் தனியாக இருக்கும். நெய்த்தேங்காய்க்கு என்று கேட்டால் தரமாட்டேன். வியாபாரம் போனால் போகட்டும்.

பசு நெய் 100 மில்லி 85 ரூபாய், அரை லிட்டர் 400. நடுத்தரக் காய் ஒன்றுக்கு 100 முதல் 150 மில்லி பிடிக்கும். பெரிய காய் கேட்காதீர்கள். நெய்யும் கூடும், தலைச்சுமையும் கூடும்.

தேங்காய் ஒன்று 50 ரூபாய். நார் சீவி, வழவழப்பாகத் தேய்த்தது. தேய்த்த காய்களை ஒரு ராத்திரி செய்தித்தாளின் மேல் வைத்துவிடுவோம். காலையில் தாளில் ஈரவட்டம் தெரிந்தால் அந்தக் காயில் மயிரிழை விரிசல் இருக்கிறது, சட்னிக்குப் போய்விடும். இதைச் செய்யாத ஒரு வருடம், ஒரு கன்னிச்சாமியின் முன்முடி எரிமேலி போய்ச் சேருவதற்குள் நெய்யில் ஊறி, அரிசியும் துணியும் ஒன்றாகிவிட்டது. அந்தப் பையன் அழுததாகக் குருசாமி வந்து சொன்னார். அன்றிலிருந்து இந்தச் செய்தித்தாள் வழக்கம்.

கண் துளைத்து நெய் நிரப்பி, அடைத்துத் தரச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். அவசரம் புரிகிறது. ஆனால் காயை உடலாகவும் நெய்யை உயிராகவும் நினைத்து, சரணம் சொல்லி அவரவர் கையால் ஊற்றுவதுதான் கட்டு நிறைப்பு. அதைக் கல்லாவில் உட்கார்ந்து நான் செய்யக் கூடாது. தக்கை மட்டும் தருகிறேன், காசு வேண்டாம். தண்ணீரை வடித்த பிறகு காயைக் கவிழ்த்து வைத்து நன்றாக உலரவிடுங்கள். ஈரம் நின்றால் நெய் காறிப்போகும். நெய்யைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், உருகி வெதுவெதுப்பாக இருந்தால் போதும்.

பாலித்தீனில் கட்டிய இருமுடி செட் இந்த வருடம் கிடையாது. இருமுடியில் கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் வேண்டாம் என்று 2024-லேயே தேவசம் போர்டு கேட்டுக்கொண்டது. அங்கே அவை பயன்படாமல் குப்பையாகத்தான் குவிகின்றன. பழக்கத்தில் இன்னும் கேட்பவர்கள் உண்டு. வீட்டுப் பூஜைக்கென்றால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் செட்டில் பச்சரிசி, வெல்லம், அவல், பாக்கு, மாளிகைப்புரத்தம்மனுக்கு மஞ்சள், வாவர் நடைக்கு மிளகு, எல்லாம் சின்னத் துணி முடிச்சுகளாக இருக்கும். விலை 140 ரூபாய், 200 செட் இருக்கிறது. வெற்றிலையும் பழமும் கட்டு நிறைக்கிற அன்று வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் குருசாமி வேறு பட்டியல் கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு. சீட்டைக் கொண்டு வாருங்கள், அதன்படியே கட்டித் தருகிறோம்.

துளசி மாலை 54 மணி 90 ரூபாய், 108 மணி 160. ருத்ராட்சம் 54 மணி 150. இருமுடிப் பை, பருத்தி, 130. கறுப்பு வேட்டி 220. நீலமும் அதே விலைதான், ஆனால் முப்பதுதான் இருக்கிறது. காவி தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வரும். கன்னிச்சாமிக்குச் சரக்கோல் 25 ரூபாய். பெரியவர், சிறுவர், மாளிகைப்புரம், யார் வந்தாலும் ஒரே விலை. பேரம் பேசுகிறவருக்கு ஒன்று, பேசாதவருக்கு ஒன்று என்று வைத்தால், விரதத்தில் பேச்சைக் குறைத்த சாமிதான் ஏமாறுவார்.

மாலையை நாங்கள் கழுத்தில் போட்டுவிடுவதில்லை, தாளில் சுற்றிக் கையில்தான் தருவோம். வாங்கிய பிறகு வீட்டில் துக்கம் நேர்ந்து, போட முடியாமல் போனால் திருப்பிக் கொண்டு வாருங்கள். காரணம் கேட்கமாட்டோம், முழுப் பணமும் கிடைக்கும்.