ஃபேன் அறையைக் குளிராக்குவதில்லை

“ஃபேனில் மின்சக்தி குளிர்ச்சியாக மாறுகிறது என்று தரம் 5 பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். டோர்ச், சைக்கிள் மாதிரி அதுவும் ஒரு சக்தி மாற்றம்தான்.”

சக்தி மாற்றப் பாடத்துக்கு ஒருவர் எழுதிய யோசனை இது. அதில் டோர்ச்சும் சைக்கிளும் சரி. பற்றரியின் இரசாயனச் சக்தி மின்னாகி ஒளியாகிறது. மிதிப்பவர் சாப்பிட்ட சோறு சில்லின் ஓட்டமாகி, பிறேக் பிடித்ததும் றிம்மில் சூடாகிறது. ஃபேனில்தான் கதை பிழைக்கிறது. 60 வாற்று ஃபேன் ஒன்றில் அந்த மின்சக்தி காற்றின் இயக்கமாகவும் மோட்டரின் சூடாகவும் மாறுகிறது. அந்த இயக்கமும் சுவரில் மோதித் தேய்ந்து கடைசியில் வெப்பமாகத்தான் முடிகிறது. ஃபேனின் இரைச்சலுக்கும் அதே கதிதான்.

வகுப்பிலேயே காட்டலாம். ஃபேனுக்குக் கீழே ஒரு வெப்பமானியைத் தொங்கவிடுங்கள், அளவு இறங்காது. அதன் குமிழில் ஈரத் துணியைச் சுற்றுங்கள், இறங்கும். நம் வியர்வையும் அந்தத் துணிபோலத்தான்: ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துப் போகிறது. திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் நாட்களில் ஃபேன் தருவது அனல்தான், ஆனாலும் காற்று வறண்டிருப்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும்.

மோட்டர் சுடுகிறதே, பழுதா என்று யாராவது கேட்டால், இளஞ்சூடு வழமைதான். கருகல் மணம் வந்தால் நிறுத்துங்கள்.

ஆவியாதலை இந்தப் பாடத்திலேயே நுழைப்பதா, பிறகு சொல்வதா என்பது ஆசிரியரின் விருப்பம். நானென்றால் ஈரத் துணியோடு நிறுத்துவேன்.