அழைப்பதற்கு முன் கழியும் நேரம்

"தெருவில் நடந்து வரும் காவலர் எதற்கு? போலீஸ் ரோந்து வண்டி ஐந்து நிமிடத்தில் வந்தால் போதாதா?"

சரி, ஆனால் அந்த ஐந்து நிமிடம் அழைத்த பிறகுதானே தொடங்குகிறது? 1970களில் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஆராய்ந்தபோது, மக்கள் போன் செய்யவே நிறைய நேரம் எடுத்துக்கொண்டது தெரிந்தது. அதை வேகமான வண்டியால் ஈடுகட்ட முடியாது.

இன்னொன்று, பூட்டிய வீட்டுக்கு இரவில் புதுப்புது பைக்குகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இதற்கெல்லாம் யாரும் அவசர எண்ணை அழைப்பதில்லை. தினமும் தெருவில் நடந்து வரும், பெயர் தெரிந்த காவலரிடம் பேச்சுவாக்கில் சொல்வார்கள். அவர் அந்த வீட்டுக்கதவைத் தட்டி "பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்" என்று உளறிவிட்டால் அத்தோடு முடிந்தது. அப்புறம் அந்தத் தெருவில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றினாலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.