பென்ஷன், பி.எஃப்., சேமிப்பு: மூன்றையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்லாதீர்கள்

ஓய்வுக்கால வருமானக் கணக்கு என்று நம் ஊரில் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கப்படும் தாள்களில் பெரும்பாலானவை ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகின்றன. பி.எஃப். இவ்வளவு, சொந்தச் சேமிப்பு இவ்வளவு, அதற்கு வட்டி இவ்வளவு, இ.பி.எஸ். பென்ஷன் இவ்வளவு, ஆக மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை. அதைப் பார்த்துத்தான் ஒருவர் வேலையை விடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். அந்தக் கூட்டல் தப்பு என்பது என் உறுதியான கருத்து. எங்கே தப்பு என்பதை ஓர் உதாரணக் கணக்கைப் போட்டே காட்டுகிறேன். நிதி ஆலோசகர்களும் படியுங்கள், அவர்களிடம் போகிறவர்களும் படியுங்கள்.

கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் என்று வைத்துக்கொள்வோம். வயது 54, மனைவிக்கு 49. 2002 செப்டம்பரில் பி.எஃப்.பில் சேர்ந்தவர், 2030 ஆகஸ்ட்டில் 58 முடிகிறது. அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் சேர்த்து 40,000 ரூபாய். குடும்பச் செலவு இன்றைக்கு மாதம் 30,000.

முதலில் பென்ஷன். சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்: பென்ஷனுக்கான சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். இவருக்கு 28 ஆண்டு சேவை, 20 ஆண்டைத் தாண்டியதால் கூடுதலாக 2, ஆக 30. பென்ஷனுக்கான சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000. எனவே 15,000 × 30 ÷ 70 = 6,429 என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது வராது. 15,000 உச்சவரம்பு 2014 செப்டம்பர் 1-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய சேவைக்கு 6,500-தான் வரம்பு. இவருடைய முதல் 12 ஆண்டுக்கு 6,500-ம், பிந்தைய 16 ஆண்டுக்கு 15,000-மும் போட்டு, அந்த 2 ஆண்டையும் சேர்த்தால் சுமார் 4,900 வரும். ஆயிரத்தைந்நூறு ரூபாய் வித்தியாசம், அதுவும் வாழ்நாள் முழுக்க.

இந்த 28 ஆண்டு என்பதையும் வாடிக்கையாளர் வாய்மொழியாகச் சொல்வதை வைத்து எழுதக் கூடாது. பி.எஃப். உறுப்பினர் தளத்தில் சேவை வரலாற்றைத் திறந்து ஒவ்வொரு கம்பெனியிலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கம்பெனி விலகிய தேதியைப் போடாமலே விட்டிருக்கும். அதைவிட மோசமானது, இடையில் வேலை மாறியபோது படிவம் 10சி கொடுத்து பென்ஷன் பணத்தை எடுத்திருப்பது. எடுத்த அன்றே அந்தச் சேவை கணக்கிலிருந்து போய்விடுகிறது. இவர் 2007-ல் அப்படி ஐந்து ஆண்டுக்கான பணத்தை எடுத்திருந்தால் பென்ஷனில் மாதம் 464 ரூபாய் குறைந்திருக்கும். கேட்டால்தான் சொல்வார்கள், பலருக்கு எடுத்ததே நினைவில் இருக்காது.

அடுத்தது பி.எஃப். பாஸ்புக்கில் மூன்று பத்திகள் இருக்கும்: ஊழியர் பங்கு, நிறுவனத்தின் பங்கு, பென்ஷன் பங்களிப்பு. மூன்றாவது பத்தியில் இவருக்கு ஏறத்தாழ இரண்டரை லட்சம் நிற்கும். 2014 வரை மாதம் 541 ரூபாய், அதன்பின் 1,250 ரூபாய் போய்ச் சேர்ந்ததன் கூட்டுத்தொகை அது. அது இவர் எடுக்கக்கூடிய இருப்பு கிடையாது, வட்டியும் ஏறாது. அந்தப் பணம்தான் 4,900 ரூபாய் பென்ஷனாகத் திரும்பி வருகிறது. அதைப் பி.எஃப். தொகையோடு கூட்டி, பென்ஷனையும் தனியாக எழுதினால் ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். வருங்காலத்துக்கான கணக்கிலும் இதே தப்பு நடக்கிறது. நிறுவனம் போடும் 12 சதவீதம் முழுவதும் பி.எஃப்.புக்கு வருவதில்லை. இவருக்கு 4,800-ல் 1,250 பென்ஷனுக்குப் போக 3,550-தான் வருகிறது. இவருடைய சொந்தப் பங்கு 4,800. ஆக மாதம் 8,350.

முதல் இரண்டு பத்திகளில் இப்போது 24 லட்சம் இருக்கிறது என்றால், 8 சதவீத வட்டியில் 58 வயதில் சுமார் 37 லட்சம் ஆகும். அண்மை ஆண்டுகளில் வட்டி 8.25 சதவீதம் வந்திருந்தாலும் கால் சதவீதம் குறைத்துப் போடுவதே நல்லது. பி.பி.எஃப்., எஃப்.டி., மியூச்சுவல் ஃபண்ட் மூன்றும் சேர்ந்து அப்போது 23 லட்சம் இருக்கும் என்று கொள்வோம். மொத்தம் 60 லட்சம். கிராஜுவிட்டி இன்றைய சம்பளத்திலேயே 6.46 லட்சம் வரும். அதை நான் வருமானக் கணக்கில் சேர்க்க மாட்டேன். கம்பெனி மருத்துவக் காப்பீடு நின்றுபோகும் வயதில் அது ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று தனியாக இருக்க வேண்டும்.

இப்போது அந்த ஒரு பக்கத் தாள் செய்வதைப் பாருங்கள். 60 லட்சத்துக்கு ஏழரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு நாலரை லட்சம், மாதம் 37,500. பென்ஷன் 4,900. மொத்தம் 42,400. இன்றைய 30,000 செலவு 6 சதவீத விலைவாசி உயர்வில் 58 வயதில் 38,000 ஆகியிருக்கும். அது போகவும் மாதம் 4,400 மிச்சம், அசலில் கைவைக்கவே வேண்டாம். வாடிக்கையாளர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

விலைவாசி 58 வயதோடு நின்றுவிடும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. இந்த மூன்று வருமானமும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன. இ.பி.எஸ். பென்ஷனுக்குப் பஞ்சப்படி கிடையாது. அரசு ஊழியர் பென்ஷனைப் பார்த்துப் பழகிய குடும்பங்களுக்கு இதுவும் ஏறும் என்றே நினைப்பு, ஆனால் இது ஏறாது. 70 வயதில் இவர்கள் வீட்டுச் செலவு மாதம் 76,000-ஐத் தாண்டியிருக்கும். பென்ஷன் அப்போதும் அதே 4,900. சேமிப்பின் வட்டியும் தொகையோடு ஒட்டியதுதான், விலைவாசியைத் துரத்தாது.

எனவே ஆண்டுக்கு ஒரு வரியாக அட்டவணை போடுங்கள். அவர் வயது, மனைவி வயது, ஆண்டு ஆரம்பத்தில் கையிருப்பு, செலவு, பென்ஷன், பற்றாக்குறை, ஆண்டு முடிவில் கையிருப்பு. செலவுப் பத்தி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏற வேண்டும், பென்ஷன் பத்தி அப்படியே நிற்க வேண்டும். முதல் ஆண்டில் செலவு 4,56,000, பென்ஷன் 58,800, பற்றாக்குறை 3,97,200. அதை 60 லட்சத்தில் கழித்து, மீதிக்கு ஏழரை சதவீதம் சேர்த்தால் ஆண்டு முடிவில் 60,23,010. எடுத்துச் செலவழித்த பிறகும் பணம் கூடியிருக்கிறது! ஐந்து ஆண்டு கழிந்த பின்னும் 58 லட்சம் இருக்கும். ஆபத்தே இங்குதான். இந்த ஐந்து ஆண்டைப் பார்த்து "நல்லாத்தானே போகுது" என்று மகன் வீட்டுக்கு முன்பணமும் பேரன் படிப்புக்குப் பணமும் கொடுத்துவிடுகிறார்கள். பத்தாவது ஆண்டு முடிவில் 44 லட்சம், பதின்மூன்றில் 27 லட்சம், பதினாறில் பூஜ்யம். அப்போது அவருக்கு 74, மனைவிக்கு 69.

இதை வாடிக்கையாளரிடம் காட்டாமல் இருப்பது தவறு. காட்டும்போது கூடவே எதை மாற்றினால் எத்தனை ஆண்டு கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். முதலீட்டை மாற்றி வருமானத்தை 9 சதவீதமாக்கினால் 74 என்பது 76 ஆகும். செலவைப் பத்து சதவீதம் குறைத்தாலும் 76-தான். பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கி வாங்கும் அதே இரண்டு ஆண்டு, மாதம் 3,800 ரூபாய் சிக்கனத்திலும் வருகிறது. பெரும்பாலான ஆலோசகர்கள் முதலாவதைத்தான் முதலில் பேசுகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. 60 வயது வரை வேலை பார்த்தால் 77 வரை வரும்.

60 வரை வேலை பார்ப்பதில் ஒரு நுணுக்கம். பென்ஷனை 58-ல் வாங்காமல் 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூட்டித் தருவார்கள். கேட்க நன்றாக இருக்கும். இவர் விட்டுக்கொடுப்பது 24 மாதத்துக்கு 1,17,600 ரூபாய், அதற்குக் கிடைப்பது மாதம் ஏறத்தாழ 400 ரூபாய் கூடுதல். விட்டதைப் பிடிக்கவே 25 ஆண்டு ஆகும், அதுவும் விலைவாசியோடு ஏறாத 400. வேலையில் இருந்துகொண்டே 58-லிருந்து பென்ஷன் வாங்கலாம். வாங்கிச் சேமிப்பில் போடுவதே மேல். 58-க்குப் பிறகு பென்ஷன் பிடித்தமும் நின்று, நிறுவனத்தின் 4,800-ம் முழுதாகப் பி.எஃப்.புக்கே வரும். 58-க்கு முன்பே, 50 வயதிலிருந்து வாங்கலாம் என்பது வேறு விஷயம். அங்கே ஆண்டுக்கு 4 சதவீதம் நிரந்தரமாக வெட்டு விழும்.

ஒன்றொன்றாகப் போதவில்லை என்பதால் சேர்த்துப் பார்க்க வேண்டும். 60 வரை வேலை, செலவில் பத்து சதவீதக் குறைப்பு, மகளின் படிப்பு முடிந்து மிச்சமாகும் 15,000-ஐ ஆறு ஆண்டும் மாதாமாதம் சேமிப்பது. அந்தச் சேமிப்பு மட்டும் 8 சதவீதத்தில் 13.8 லட்சம் வரும். மூன்றும் சேர்ந்தால் பணம் சுமார் 84 வயது வரை நீடிக்கும். இதுதான் அவரிடம் மேசையில் வைத்துப் பேச வேண்டிய திட்டம்.

ஆனால் அவருக்கு 84 ஆகும்போது மனைவிக்கு 79. அட்டவணையை மனைவியின் 90 வயது வரை ஓட்டிப் பார்க்காத எந்தக் கணக்கையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கணவர் போன பிறகு பென்ஷன் பாதியாகி 2,450 ரூபாய் ஆகும். செலவோ பாதியாகாது. வீட்டு வரி, மின்சாரம், வேலைக்காரச் சம்பளம், மருந்து எல்லாம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். எழுபது சதவீதம் என்று வைப்பது நியாயமான ஊகம். கணவர் 75 வயதில் போனால் என்ன, 85-ல் போனால் என்ன என்று இரண்டு அட்டவணை தனித்தனியாகப் போடுங்கள். கடைசி ஆண்டுகளில் துண்டு விழுந்தால் சொந்த வீட்டை என்ன செய்வது என்பதை அவர்கள் இருவரும் திடமாக இருக்கும்போதே பேசி எழுதி வைக்கலாம்.

ஓய்வு பெற்றதும் 60 லட்சத்தை எங்கே வைப்பது என்பது தனிப் பேச்சு. ஒன்று மட்டும்: மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அதிகபட்சமாக 30 லட்சம் போடலாம். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். அந்த வட்டியும் ஏறாத வருமானம்தான், பென்ஷனைப் போலவே. மீதி 30 லட்சத்தையும் அதே மாதிரி நிலையான வட்டியில் வைத்தால் அட்டவணையில் ஏறுவது செலவு மட்டுமாகவே இருக்கும்.

பென்ஷனுக்கு படிவம் 10டி கொடுக்கும் முன் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் பி.எஃப். பதிவிலும் ஆதாரிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஓர் இனிஷியல் மாறியிருந்தாலும் அந்த 2,450 ரூபாய்க்காக அலையப்போவது அவர்தான். அட்டவணையை ஏப்ரல்தோறும் எடுத்து, பி.எஃப். இருப்பு, சேமிப்பின் இருப்பு, போன ஆண்டின் உண்மையான வீட்டுச் செலவு மூன்றையும் மாற்றிப் போடுங்கள். 15,000 உச்சவரம்பை உயர்த்தப் போகிறார்கள் என்ற பேச்சை அறிவிப்பாணை கைக்கு வரும்வரை அதில் ஏற்ற வேண்டாம்.