14 நிமிடப் பேச்சுக்கு ஆறு நாள் கமெண்ட்

இன்று காலை ஒன்பதே காலுக்கு லேப்டாப்பைத் திறந்தால், ரிவ்யூவுக்குப் போட்ட என் கோட் மாற்றத்தில் மறுபடியும் ஒரு கமெண்ட். "மேலே சொன்னதுதான். இந்த டிசைனில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை." அவ்வளவுதான். காரணம் இல்லை, புதிதாக ஒரு தகவல் இல்லை. பக்கத்தின் அடியில் "Changes requested" சிவப்பாக அப்படியே நிற்கிறது. அவர் அதை எடுக்காதவரை மெர்ஜ் பண்ண முடியாது. இது ஆறாவது நாள், 43ஆவது கமெண்ட். எழுதியவர் எனக்கு மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கிறார். எழுந்து நின்றால் அவர் தலை தெரியும்.

எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுதாமல் இன்று வேறு வேலை ஓடாது.

விஷயம் பெரிய ராக்கெட் இல்லை. நெட் மெதுவாக இருக்கும்போது வாடிக்கையாளர் "பணம் செலுத்து" பட்டனை இரண்டு முறை அழுத்திவிடுகிறார். இல்லையென்றால் ஆப்பே பதில் வரவில்லை என்று மறுபடி அனுப்பிவிடுகிறது. இரண்டு முறை பணம் போய்விடுகிறது. அதைத் தடுக்கத்தான் அந்த புல் ரிக்வெஸ்ட். ஒவ்வொரு முயற்சிக்கும் ஆப் ஒரு சாவி அனுப்பும். அந்தச் சாவியை டேட்டாபேஸில் ஒரு டேபிளில் போடுவோம், அந்த நெடுவரிசைக்கு யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட் இருக்கும். அதே சாவி இரண்டாவது முறை வந்தால் டேட்டாபேஸே மறுத்துவிடும். நான் பழைய வரியைப் படித்து அதே பதிலைத் திருப்பிக் கொடுப்பேன். விவாதத்துக்கு உள்ளான இடம் மொத்தம் 11 வரி.

திங்கட்கிழமை சாயங்காலம் முதல் கமெண்ட் வந்தது. "இங்கே ரெடிஸ் லாக் போடலாமே?" இது கேள்வியா, யோசனையா, ஆட்சேபணையா? எனக்குத் தெரியவில்லை. யோசனை என்று நினைத்து பதில் எழுதினேன். ரெடிஸ் லாக் என்பது மெமரியில் இயங்கும் ரெடிஸ் ஸ்டோரில் போடும் பூட்டு, முதல் கோரிக்கை முடியும்வரை அடுத்ததை உள்ளே விடாது. அதற்கு ஒரு காலக்கெடு வைக்க வேண்டும், 30 விநாடி என்று வைத்துக்கொள்வோம். பேமென்ட் கேட்வே சில சமயம் 40 விநாடி எடுக்கும். லாக் காலாவதியாகும், இரண்டாவது கோரிக்கை உள்ளே வரும், பணம் இரண்டு முறை போகும். நாம் எதைத் தடுக்க வந்தோமோ அதுவே நடக்கும். நன்றாகத்தான் எழுதியிருந்தேன், ஒரு பத்தி முழுக்க.

செவ்வாய்க்கிழமை பதில்: "அப்படியென்றால் காலக்கெடுவைக் கூட்டுங்கள்." நான்: "கூட்டினால், நடுவில் சர்வர் விழும்போது லாக்கை விடுவிக்க ஆள் இல்லை. அந்த வாடிக்கையாளர் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்." அவர்: "டேட்டாபேஸ் மேல் இவ்வளவு சுமை வேண்டாம்." நான்: "ஒரு கோரிக்கைக்கு ஒரு இன்சர்ட்தானே, எங்கே சுமை?" அவர்: "ரெடிஸ் இதற்காகவே இருக்கிறது." இப்படியே போனது. ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாகப் பார்த்தால் சரிதான். ஆனால் ஒன்று சொன்னதற்கு இன்னொன்று பதிலே இல்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம்.

புதன்கிழமைதான் கொடுமை. வேறொரு சின்ன பிழைக்காக அந்த வரிகளைக் கொஞ்சம் மாற்றி புஷ் பண்ணினேன். உடனே பழைய த்ரெட் எல்லாம் "Outdated" என்று மடங்கிக்கொண்டது. அவர் புதிய வரியில் அதே விவாதத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். டெஸ்ட் ஃபைலில் ஒரு கிளை, மைக்ரேஷன் ஃபைலில் ஒரு கிளை. வியாழக்கிழமை ஒரே சண்டை நான்கு இடத்தில் நடந்துகொண்டிருந்தது. ஒரு இடத்தில் நான் ஒப்புக்கொண்டதை இன்னொரு இடத்தில் மறுத்திருக்கிறேன், அதையும் எடுத்துக்காட்டி அவர் ஒரு கமெண்ட் போட்டார். வெள்ளிக்கிழமை குழுவில் இன்னொருவர் வந்து இரண்டு பக்கத்துக்கும் கட்டைவிரல் வைத்துவிட்டுப் போனார். அந்த ஒரு வாரத்தில் மட்டும் இரண்டு முறை பணம் போனதாக மூன்று புகார்கள் சப்போர்ட்டிலிருந்து எனக்கு வந்தன. மூன்றையும் நான்தான் படித்தேன். ஒருவர் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் என்று எழுதியிருந்தார்.

சரி, இன்று காலைக்கு வருகிறேன். 43ஆவது கமெண்டுக்குப் பதில் டைப் பண்ண ஆரம்பித்தேன். மூன்று பத்தி. நடுவில் அழித்துவிட்டு எழுந்து அவர் இருக்கைக்குப் போனேன். "பத்து நிமிஷம் பேசலாமா?" என்றேன். "கால் போடுங்க, திரையைக் காட்டிப் பேசலாம்" என்றார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் கேள்வியாக நான் கேட்டது இதுதான்: "ரெடிஸை விடுங்க. இந்தக் கோட் அப்படியே ப்ரொடக்ஷனுக்குப் போனால் என்ன உடையும்னு பயப்படுறீங்க?"

ஒரே மூச்சில் சொன்னார். "போன வருஷம் இதே மாதிரி யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டு, எரர் வந்தா பிடிச்சு அதே ட்ரான்ஸாக்ஷன்லயே பழைய வரியைப் படிச்சோம். போஸ்ட்கிரஸ் விடல. ராத்திரி ரெண்டு மணிக்கு என்னை எழுப்பினாங்க."

நான் என் கோடைப் பார்த்தேன். அதையேதான் செய்திருக்கிறேன். ட்ரான்ஸாக்ஷன் என்றால் மொத்தமாகச் சேரும் அல்லது மொத்தமாக ரத்தாகும் கட்டளைத் தொகுப்பு. எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரஸில் அதற்குள் ஒரு எரர் வந்துவிட்டால், நீங்கள் அதைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அந்த ட்ரான்ஸாக்ஷன் செத்தது செத்ததுதான். நடுவில் திரும்பி வர ஒரு சேவ்பாயின்ட் வைத்திருந்தால் ஒழிய, அடுத்து எந்த க்வெரி அனுப்பினாலும் இதுதான் வரும்:

```
ERROR: current transaction is aborted, commands ignored until end of transaction block
```

என் டெஸ்ட் எப்படி பாஸ் ஆனது? டெஸ்ட் SQLite என்ற வேறொரு குட்டி டேட்டாபேஸில் ஓடுகிறது. அது அந்த ஒரு கட்டளையை மட்டும் ரத்து செய்துவிட்டு ட்ரான்ஸாக்ஷனை உயிரோடு விட்டுவிடும். ப்ரொடக்ஷனில் மட்டும்தான் உடையும், அதுவும் யாராவது இரண்டு முறை அழுத்தும்போது மட்டும்.

அதாவது அவர் சொன்னது சரி, என் கோடில் நிஜமான ஓட்டை இருந்தது. ஆனால் ஆறு நாளில் ஒரு கமெண்டில்கூட அதை எழுதவில்லை! நோயைச் சொல்லாமல் மருந்தை மட்டும் 20 முறை எழுதினார். நான் மருந்தோடு மட்டும் மல்லுக்கட்டினேன். "இந்த எரருக்குப் பிறகு இந்த வரி ஓடாது" என்று திங்கட்கிழமையே ஒரு வரி வந்திருந்தால் செவ்வாய் காலை சரிசெய்திருப்பேன். நானும் "எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அதற்கு எனக்கு வருத்தம் உண்டு.

அடுத்த ஐந்து நிமிடத்தில் இன்னொன்றும் வெளியே வந்தது. கேட்வேயை அழைப்பதையும் நான் அதே ட்ரான்ஸாக்ஷனுக்குள் வைத்திருந்தேன். முதல் கோரிக்கை கமிட் ஆகும்வரை அதே சாவியோடு வரும் இரண்டாவது இன்சர்ட் காத்துக்கொண்டு நிற்கும். கேட்வே 40 விநாடி எடுத்தால் இரண்டு கனெக்ஷனும் 40 விநாடி சிக்கிக்கொள்ளும். டேட்டாபேஸுக்கு எங்கள் பூலில் இருப்பதே 20 கனெக்ஷன். "டேட்டாபேஸ் மேல் சுமை" என்று அவர் எழுதியது இதைத்தான். அந்த மூன்று சொல்லில் இதை யார் கண்டுபிடிப்பார்கள்?

திரையில் இருவரும் சேர்ந்து திருத்தினோம். முதலில் ஒரு குட்டி ட்ரான்ஸாக்ஷன்:

```sql
INSERT INTO payment_attempts (idem_key, order_id, status)
VALUES ($1, $2, 'pending')
ON CONFLICT (idem_key) DO NOTHING;
```

உடனே கமிட். ஒரு வரி சேர்ந்திருந்தால் நாம்தான் முதல் ஆள், ட்ரான்ஸாக்ஷனுக்கு வெளியே வந்து கேட்வேயை அழைக்கலாம். பூஜ்யம் என்றால் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், எரரே வராது, பழைய வரியைப் படித்துப் பதில் சொல்லலாம். நடுவில் சர்வர் விழுந்து `pending` என்று நின்றுவிட்டால், கேட்வேக்கும் அதே சாவியை அனுப்பியிருப்பதால் அங்கே கேட்டு நிலையைச் சரிசெய்யலாம். ரெடிஸ் வேண்டாம் என்று அவரே சொன்னார். மொத்தம் 14 நிமிடம்.

இனி என் பக்கம் நான் இப்படித்தான் நடக்கப்போகிறேன். ஒரே ஆட்சேபணை இரண்டு சுற்று போய், மூன்றாவது பதிலில் புதிய தகவல் எதுவும் இல்லையென்றால் அன்றைக்கே கால். ஒரே விஷயம் இரண்டாவது ஃபைலில் தலைகாட்டினாலும் கால், ஏனென்றால் அப்போது பிரச்சினை அந்த வரியில் இல்லை, டிசைனில். கூகுள் வெளியில் வைத்திருக்கும் கோட் ரிவ்யூ வழிகாட்டியிலேயே இது இருக்கிறது: ஒத்துப்போவது கஷ்டமானால் கமெண்டிலேயே தீர்க்கப் பார்க்காமல் நேரிலோ வீடியோவிலோ பேசுங்கள், பேசி முடித்ததை கமெண்டாகப் பதிவு செய்யுங்கள் என்று. எல்லாவற்றுக்கும் கால் போட்டு உயிரை வாங்குகிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. பெயர் வைப்பது, விட்டுப்போன டெஸ்ட், ஆவணத்தைக் காட்டினால் முடிகிற சந்தேகம், இதெல்லாம் எழுத்திலேயே முடியட்டும். எது வேகம் என்று சண்டை வந்தால் அளந்து பார்த்துவிட்டு வாருங்கள், வாயால் அளக்க முடியாது.

அப்புறம் அந்தப் பதிவு. காலில் பேசிவிட்டு "பேசிட்டோம்" என்று ஒற்றைச் சொல்லில் த்ரெட்டை மூடுகிறவர்கள் மேல் எனக்கு இதைவிடக் கோபம். ஆறு மாதம் கழித்து அந்த `ON CONFLICT` ஏன் என்று பார்க்க வருகிறவருக்கு எங்கள் கால் கேட்கவா போகிறது? இன்று நான் ஐந்து வரி எழுதினேன்: என்ன முடிவு, எரருக்குப் பிறகு ட்ரான்ஸாக்ஷன் ஏன் சாகும், கேட்வே ஏன் வெளியே போனது, ரெடிஸ் ஏன் வேண்டாம், `pending` நின்றுபோனால் யார் பார்ப்பது. கீழே அவர் "ஆம், இதுதான்" என்று எழுதி அப்ரூவ் கொடுத்தார். நான்கு கிளையிலும் இந்தக் கமெண்டின் லிங்க்கைப் போட்டு மூடினேன். மதியம் மெர்ஜ் ஆனது.

இவ்வளவையும் நான் லேப்டாப்போடு எங்கே உட்கார்ந்து பேசினேன் தெரியுமா? மாடிப்படியில்! இருக்கையில் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு. இருவர் உட்காரும் சின்ன அறை ஒன்று இருக்கிறது, ஆனால் காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை, தினமும், யாரோ ஒரு புண்ணியவான் பெயரில் புக் ஆகியிருக்கிறது. இன்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். விளக்கு எரிகிறது, ஏசி ஓடுகிறது, உள்ளே ஆள் இல்லை. இரண்டு வாரமாகப் பார்க்கிறேன், ஒரு நாள்கூட ஆள் இல்லை. கேன்சல் பண்ணுங்கள் என்று ஃபெசிலிட்டியில் போய்ச் சொன்னால், "புக் பண்ணவர்தான் கேன்சல் பண்ணணும் சார்" என்கிறார்கள். அந்த ஆள் யார் என்று கேட்டேன். அவர் வேலையை விட்டுப் போய் மூன்று வாரம் ஆகிறதாம்.