கண்மாயில் மண் எடுக்கும் முன் மடை மட்டத்தைப் பாருங்கள்

சித்திரை, வைகாசி வந்துவிட்டால் கண்மாய்களில் பொக்லைன் இறங்கும் படங்கள் வரிசையாக வரும். "எங்கள் ஊர்க் கண்மாயைப் பத்து அடி ஆழப்படுத்திவிட்டோம்" என்று கீழே ஒரு வரி. பாராட்டித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு மட்டும் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கும். அந்தப் பத்து அடியில் மடைக்கு மேலே எத்தனை அடி, கீழே எத்தனை அடி?

கண்மாய்த் தண்ணீர் வயலுக்குப் போவது மோட்டார் போட்டு அல்ல. மடை வழியாகத் தானாகச் சரிந்து இறங்குகிறது. ஆகவே மடையின் அடிக்கல் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதற்கு மேல் நிற்கும் தண்ணீர்தான் பாசனத்துக்கு. அதற்குக் கீழே பத்து அடி தோண்டினாலும் இருபது அடி தோண்டினாலும் அங்கே தேங்குவது மாட்டுக்கும் மீனுக்கும் ஆகும், கொஞ்சம் நிலத்துக்குள் இறங்கும். வாய்க்காலுக்கு ஒரு சொட்டு வராது. பல கண்மாய்களுக்குப் பள்ளமடை, மேட்டுமடை என்று வெவ்வேறு உயரத்தில் மடைகள் உண்டு. அங்கே பள்ளமடையின் அடிக்கல்தான் கணக்கு.

பழைய குமிழி மடையைக் கோடையில் இறங்கிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கண்மாய்க்குள்ளே இரண்டு கல்தூண் நிற்கும். அதன் அடியில் ஒரு கல்தொட்டி. தொட்டியின் மேல்பலகையில் இருக்கும் பெரிய துளை நீரோடி. தரையை ஒட்டி இருக்கும் சிறு துளைகள் சேறோடி. நீரோடியைத் திறந்தால் தெளிந்த தண்ணீர் உள்ளே இறங்கும், அந்த இழுப்பில் சேறோடி வழியாகக் கலங்கல் தண்ணீரும் சேர்ந்து போகும். பாசனம் நடக்க நடக்கவே மடை வாய் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் ஏற்பாடு. இப்போது பெரும்பாலான இடங்களில் இரும்பு ஷட்டர் வந்துவிட்டது. மிச்சமிருக்கும் குமிழிகளில் சேறோடி மண்ணுக்கடியில் எங்கோ கிடக்கிறது.

சரி, எவ்வளவு மண் எடுக்க முடியும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் பரப்பில் ஓர் அடி ஆழத்துக்கு மண் எடுத்தால் 43,560 கன அடி. ஒரு டிராக்டர் டிப்பருக்கு ஒரு யூனிட், அதாவது 100 கன அடி என்று வைத்தால் சுமார் 435 நடை. 50 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள கண்மாயில் எல்லா இடத்திலும் இரண்டு அடி எடுப்போம் என்று யாராவது சொன்னால், அது 43,000 நடைக்கு மேல். நடக்கிற காரியமில்லை. எந்த இடத்தில் எடுக்கப்போகிறோம் என்பதைத்தான் ஊர் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு வண்டல் எடுக்கத் தாசில்தார் அனுமதியோடு கட்டணம் இல்லை. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்று வரம்பு. 75 கன மீட்டர் என்பது சுமார் 26 நடை. ஒரு கண்மாய்க்கு 80 ஏக்கர் நஞ்சை ஆயக்கட்டு என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் தங்கள் பங்கை எடுத்தால் 6,000 கன மீட்டர். கண்மாய்க்குள் பார்த்தால் ஐந்து ஏக்கரில் ஓர் அடி. ரொம்பக் குறைவாகத் தெரிகிறது இல்லையா?

ஆனால் அந்த ஐந்து ஏக்கர் மடை மட்டத்துக்கு மேலே மேடாகிப்போன இடமாக இருந்தால், ஒவ்வொரு முறை கண்மாய் நிறையும்போதும் 6,000 கன மீட்டர் கூடுதலாக வயலுக்கு வரும். நெல்லுக்கு ஒரு தடவை இரண்டு அங்குலம் கட்ட ஏக்கருக்குச் சுமார் 200 கன மீட்டர் வேண்டும். வழியில் ஊறிப்போவதைக் கழிக்காமல் பார்த்தால் 30 ஏக்கருக்கு ஒரு தண்ணீர். தை மாதத்தில், கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் அந்த ஒரு தண்ணீர் கிடைக்காமல் பதராகிப்போன வயலைப் பார்த்தவர்கள் இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டார்கள். அதே 6,000 கன மீட்டரை மடைக்குக் கீழே பள்ளமாகத் தோண்டியிருந்தால் இந்த 30 ஏக்கருக்குக் கிடைப்பது பூஜ்யம்.

மட்டம் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். அடிக்கல்லின் மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கடத்திப்போய் முளைக்குச்சி அடித்தால், எங்கே தரை அந்த மட்டத்துக்கு மேலே நிற்கிறது என்று வெயிலில் பளிச்சென்று தெரிந்துவிடும். மடைக்கு முன்னால் தண்ணீர் ஓடி வரும் பாதையை முதலில் எடுக்க வேண்டும். அது அடைத்திருந்தால் கண்மாய் நடுவில் தண்ணீர் கிடந்தும் மடைக்கு எட்டாது.

ஊரே சேர்ந்து எடுப்பதும் ஒப்பந்தக்காரர் எடுப்பதும் இந்த இடத்தில்தான் வேறுபடுகின்றன. விவசாயிக்கு வேண்டியது வண்டல், அதுவும் செம்மண் நிலத்திலும் மணற்பாங்கான நிலத்திலும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் மெல்லிய வண்டல். அது மேலடுக்கில்தான் இருக்கிறது. கீழே சரளையோ மணலோ தட்டுப்பட்டால் அவருக்கு அது வேண்டாம், நிறுத்திவிடுவார். யூனிட் கணக்கில் விற்பவருக்கு அங்கேதான் ஆசை தொடங்கும். (ஏற்கெனவே களிமண்ணாக இருக்கும் வயலுக்கும், உப்புத் தட்டிய வண்டலுக்கும் இது பொருந்தாது. கொஞ்சம் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு அடிப்பது நல்லது.) 2017இல் குடிமராமத்தை மறுபடி கொண்டுவந்தபோது ஆயக்கட்டுதாரர் பங்களிப்பு பத்து சதவீதம் என்று வைத்தார்கள். எண்ணம் சரிதான். பங்கு போட்டவர் கரையில் நின்று மட்டம் பார்க்கும் இடத்தில்தான் அது வேலைக்காகும். கையெழுத்தோடு முடிந்துபோனால் அதுவும் இன்னொரு டெண்டர்தான்.

அப்புறம் நிலத்தடி நீர். கண்மாயின் அடியில் வருடாவருடம் படியும் பொடிக்களி, தரையைப் பூசி மெழுகியதுபோல ஆக்கிவிடுகிறது. தண்ணீர் நின்றாலும் இறங்காது, வெயிலில்தான் போகும். அந்தப் படிவை எடுத்தால் கீழ்வயல் கிணறுகளில் ஊற்று கூடும். ஆனால் கரையை ஒட்டி இதைச் செய்யவே கூடாது. அங்கே களியை வெட்டி மணலடுக்கைத் திறந்துவிட்டால், தண்ணீர் கரைக்கு அடியில் வழி தேடும். மழைக்காலத்தில் கரையின் வெளிப்பக்கம் கசிவு தெரிந்தால் அதன் நிறத்தைப் பாருங்கள். தெளிவாகக் கசிந்தால் கண்காணிக்கலாம். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டு போகிறது, உடனே ஆட்களைத் திரட்ட வேண்டும்.

இதில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு தகராறும் உண்டு. தரைக்குள் இறங்கும் தண்ணீர் மடைக்கு வராத தண்ணீர். கிணறு வைத்திருப்பவர்கள் பெருகிய ஊர்களில், மடையையே திறக்காமல் கண்மாயை ஊறணியாக விட்டுவிடலாம் என்ற பேச்சு வருகிறது. சில ஊர்களில் அப்படியே ஆகியும்விட்டது. அவர்களுக்கு லாபம்தான். கடைமடையில் கிணறும் போரும் இல்லாமல் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் பக்கத்து வயல்காரரிடம் மணிக்கணக்குக்குத் தண்ணீர் வாங்க வேண்டியதாகிறது. எங்கே தோண்டுவது, எங்கே விடுவது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர் இருந்தாரா என்பதை நான் முதலில் விசாரிப்பேன். ஆழக்கணக்கை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.