பச்சோந்தி வேறு, கணவாய் வேறு
“கடலில் வாழும் கணவாயும் பச்சோந்தி மாதிரியேதான் நிறம் மாறுகிறது” என்று சொல்வதுண்டு. அது சரியில்லை; வேகத்திலேயே வித்தியாசம் தெரியும். பச்சோந்திக்குச் சில நிமிடங்கள் ஆகும், கணவாய்க்கு ஒரு நொடிகூட வேண்டாம். அதன் தோலில் ஒவ்வொரு நிறப்புள்ளியும் ரப்பர் மாதிரி இழுபடும் சின்னப் பை. சுற்றிலும் தசைநார்கள், சக்கரத்தின் ஆரக்கால் போல. மூளையிலிருந்து வரும் நரம்பு உத்தரவு கொடுத்ததும் தசைகள் சுருங்கி, பையை இழுத்து விரிக்கும், நிறம் பரவும். தசை தளர்ந்தால் பை மறுபடி புள்ளியாகிவிடும். உடம்பின் ஒரு பக்கத்துக்குப் போகும் நரம்பை வெட்டினால் அந்தப் பக்கம் மட்டும் வெளிறிப்போகும். தூத்துக்குடியில் அப்போதுதான் கரைக்கு வந்த ஊசிக்கணவாயைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்; செத்த பிறகும் விரல் பட்ட இடத்தில் புள்ளிகள் விரிந்து சுருங்கின. அப்புறம், ஆக்டோபஸ் எனப்படும் பேய்க்கணவாயின் கண்ணில் ஒளியை உணரும் நிறமி ஒரே வகைதான். நிறம் பிரித்தறிய அது போதாது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பாறையின் நிறத்துக்கு அது மாறுவதுதான் எனக்கு இன்னும் தீராத வியப்பு.